மொடல் பேப்பரில மண்டை வெறுமையாப் போகுது, இரவில நித்திரையும் இல்லை: ஏ.எல்லுக்கு இன்னும் மூண்டு கிழமை

கேள்வி: டொக்டர், நான் கொக்குவிலில இருந்து எழுதிறன். பயோ படிக்கிறன், இன்னும் மூண்டு கிழமையில ஏ.எல். இரவு ரெண்டு மணி மட்டும் படிக்கிறன், படுத்தாலும் நித்திரை வருகுதில்லை, விடிய ஏழரைக்குத்தான் எழும்பிறன். பின்னேரம் வந்து சும்மா சரிஞ்சாலே ரெண்டு மணித்தியாலம் நித்திரையாப் போயிடுறன். போன கிழமை பிசிக்ஸ் மொடல் பேப்பரில எம்சிகியூ ஒன்பதாவது கேள்வியில மண்டை அப்பிடியே வெறுமையாப் போச்சு, கை வேர்த்து நெஞ்சு இடிச்சு, தெரிஞ்ச கணக்கும் வரேல்லை. வீட்ட வந்து பார்த்தா எல்லாம் தெரியுது. நித்திரைக் குளிசை போடலாமா? எக்ஸாமிலயும் இப்பிடி வந்தா என்ன செய்யிறது?

பதில்:

பிள்ளை, உங்கட கடிதத்தில எனக்கு முக்கியமாப் பட்டது "வீட்ட வந்து பார்த்தா எல்லாம் தெரியுது" எண்ட வசனம்தான். அப்ப படிச்சது ஒண்டும் அழியேல்லை. பிசிக்ஸ் எம்சிகியூவுக்கு கல்குலேட்டர் விடமாட்டினம் எண்டது உங்களுக்குத் தெரியும்தானே, அப்ப ஒரு கணக்குச் செய்யேக்க தந்த தரவு, எடுத்த சமன்பாடு, இடையில வந்த எண், இதெல்லாத்தையும் ஒரே நேரத்தில மனசில பிடிச்சு வச்சிருக்க வேணும், அதுக்கு மூளையில இருக்கிற இடம் சரியான சின்னன். பயம் வந்தா "ஐயோ வரேல்லை, ரைம் போகுது, அம்மாவுக்கு என்ன சொல்லுறது" எண்ட யோசனை எல்லாம் அந்தச் சின்ன இடத்துக்கைதான் வந்து குந்தும், பிறகு கணக்குக்கு இடமில்லை. பயம் இறங்கினா இடம் திரும்பக் கிடைக்கும், அதாலதான் வீட்ட வந்த உடன எல்லாம் ஞாபகம் வந்தது.

இதுக்கும் உங்கட நித்திரைக்கும் நேரடிச் சம்பந்தம் இருக்கு. நித்திரை குறைஞ்ச ஆளுக்கு மூளையில பயத்தைக் கிளப்புற பகுதி சின்ன விசயத்துக்கே துள்ளும், அதை அடக்குற பகுதி களைச்சுப் போயிருக்கும். பகல் படிச்சது நிரந்தரமாப் பதியிறதும் நித்திரையிலதான் பெரும்பாலும் நடக்குது. அதால எக்ஸாம் ஹோலில நீங்கள் செய்ய வேண்டியதைப் பற்றிப் பிறகு சொல்லுறன், முதல் நித்திரையைச் சரிப்படுத்துவம், மூண்டு கிழமை அதுக்குத் தாராளமாக் காணும்.

குளிசை வேண்டாம். எங்கட ஊரில கன வீடுகளில தடிமனுக்கு வச்சிருக்கிற பிரிற்றன் குளிசையை எடுத்து "போடு பிள்ளை, நல்லா நித்திரை வரும்" எண்டு குடுக்கிறவை, ஆனா அந்த மந்தம் அடுத்தநாள் விடியவும் நிக்கும், கேள்வியை ரெண்டுதரம் வாசிச்சாலும் ஏறாது. அப்பம்மாவின்ர நித்திரைக் குளிசையில பாதி எண்டுறது இன்னும் பிழை. அதுபோல கை நடுக்கத்துக்கும் நெஞ்சிடிக்கும் எண்டு யாரோ சொல்லிப் புரொப்ரனோலோல் வாங்கிப் போடுற பழக்கமும் இருக்கு, வீசிங் இருக்கிற பிள்ளையளுக்கு அது ஆபத்து, டொக்டர் பார்க்காமல் தொடவே கூடாது.

உங்களுக்கு நித்திரை வராததுக்குக் காரணம் வருத்தம் இல்லை, உங்கட நாள் அமைஞ்சிருக்கிற விதம். முழிச்சிருக்கிற ஒவ்வொரு மணித்தியாலமும் நித்திரைத் தேவை கூடிக்கொண்டு போகும், அது நல்லாக் கூடினாத்தான் படுத்த உடன நித்திரை வரும். நீங்கள் பின்னேரம் ரெண்டு மணித்தியாலம் படுத்து அதில பாதியைச் செலவழிச்சிடுறியள். அதுக்கு மேல இரவு முழிச்சிருக்க ரீ குடிப்பியள் எண்டு நினைக்கிறன், எழுதேல்லை, ஆனா குடிக்காத ஏ.எல் பிள்ளையை நான் கண்டது குறைவு. பிளேன்ரீயோ கோப்பியோ, உள்ள போன கஃபீனில பாதி உடம்பை விட்டுப் போகவே கிட்டத்தட்ட அஞ்சு மணித்தியாலம் செல்லும், பத்து மணிக்குக் குடிச்சதின்ர பாதி விடிய மூண்டு மணிக்கும் உங்களோட முழிச்சிருக்கும். அதோட உங்கட வயசில உடம்பு மணிக்கூடு இயற்கையாவே பிந்தித்தான் ஓடும், அது சோம்பல் இல்லை, வீட்டுக்காரர் அதுக்காகப் பேசக் கூடாது.

இப்ப செய்யிறதைச் சொல்லுறன். கெதியாப் படுக்கத் தெண்டிக்க வேண்டாம், அது சரிவராது, நித்திரையை வற்புறுத்திக் கொண்டுவர ஏலாது. எழும்புற நேரத்தைப் பிடிச்சு இழுக்கலாம், படுக்கிற நேரம் தானா அதுக்குப் பின்னால வரும். நாளைக்கும் நாளையிண்டைக்கும் அலாம் ஏழு மணி, அதுக்கடுத்த ரெண்டு நாள் ஆறரை, பிறகு ரெண்டு நாள் ஆறு, ஏழாவது நாளில இருந்து அஞ்சரை. அதுக்குப் பிறகு எக்ஸாம் முடியும் மட்டும் அஞ்சரைதான், ஞாயிற்றுக்கிழமையும் அஞ்சரைதான், இரவு பிந்திப் படுத்தாலும் அஞ்சரைதான். எழும்பி அரை மணித்தியாலத்துக்குள்ள வெளி வெளிச்சத்துக்கு வாங்கோ, முற்றம் கூட்டுங்கோ, இல்லாட்டி ரீயைக் கொண்டுவந்து விறாந்தைப் படியில இருந்து ஆறுதலாக் குடியுங்கோ. அறைக்குள்ள இருக்கிற லைற் காணாது, முகில் மூடின நாளிலயும் வெளி வெளிச்சம் அதைவிட எத்தினையோ மடங்கு கூட, அந்த வெளிச்சம் கண்ணில பட்டாத்தான் உடம்பு "இப்ப விடிஞ்சிட்டுது" எண்டு கணக்கு வைக்கும், அண்டு இரவு பத்தரை போலக் கண் சொக்கவும் தொடங்கும்.

முதல் நாலு நாளும் கஷ்டமா இருக்கும், சொல்லிப்போட்டன். பின்னேரம் கண் எரியும், தலை பாரமா இருக்கும், "டொக்டர் சொன்னது எனக்குச் சரிவராது" எண்டு நினைப்பியள். அந்தக் களைப்புத்தான் உங்களை இரவு படுத்த உடன நித்திரை கொள்ள வைக்கப் போகுது, அதைப் பின்னேரம் படுத்துத் தீர்த்துப் போடாதேங்கோ. தாங்கவே ஏலாட்டி மத்தியானம் சாப்பிட்டிட்டு மூண்டு மணிக்கு முதல் இருவது நிமிசம், அலாம் வச்சு, கட்டிலில இல்லாமல் சாய்மனைக் கதிரையில. மூண்டு மணிக்குப் பிறகு ரீயும் இல்லை. வேலை செய்யுதா எண்டு பார்க்க ஒரு வழி இருக்கு: அஞ்சாறு நாளில படுத்து இருவது, முப்பது நிமிசத்தில நித்திரையாகத் தொடங்கினா மணிக்கூடு நகர்ந்திட்டுது எண்டு அர்த்தம்.

படுத்தும் நித்திரை வராமல் புரளத் தொடங்கினா, இருவது நிமிசம் போல போச்சுது எண்டு படேக்க எழும்பி வந்து கதிரையில இருங்கோ. மணிக்கூட்டைப் பார்க்க வேண்டாம், மட்டா நினைச்சாக் காணும். மங்கல் லைற்றில ஏதாவது சுவாரசியம் இல்லாத வேலை, உடுப்பு மடிக்கிறது, பழைய பேப்பர் பிரட்டுறது. போன் கூடாது, பிசிக்ஸ் நோட்ஸும் கூடாது. கண் சொக்கின பிறகு திரும்பப் போய்ப் படுங்கோ. கட்டிலில கிடந்து ரெண்டு மணித்தியாலம் யோசிச்சா கட்டில் எண்டாலே யோசிக்கிற இடம் எண்டு மூளை பழகிடும், பிறகு களைச்சு விழுந்தாலும் கட்டிலில படுத்த உடன முழிப்பு வரும், உங்களுக்கு இப்ப அந்தக் கட்டம்தான் எண்டு நினைக்கிறன்.

யோசனையளுக்கும் ஒரு நேரம் குடுங்கோ. பின்னேரம் ஆறரை போல பதினைஞ்சு நிமிசம், கொப்பியில பயப்பிடுற எல்லாத்தையும் எழுதுங்கோ, "இரசாயனத்தில சேதனம் முடிக்கேல்லை", "இஸட் ஸ்கோர் காணாட்டி", எல்லாம். நாளைக்கு ஏதும் செய்யக்கூடியதுக்குப் பக்கத்தில எப்ப செய்யிறது எண்டு எழுதுங்கோ, செய்ய ஏலாததை அப்பிடியே விட்டிட்டு மூடி வையுங்கோ. இரவு படுக்கேக்க அதே யோசனை வந்தா "எழுதியாச்சு, நாளைக்கு ஆறரைக்குப் பார்ப்பம்" எண்டு சொல்லுங்கோ. முதல் ரெண்டு மூண்டு நாள் பலிக்காது, பிறகு பலிக்கும். இரவில வட்ஸ்அப் குரூப்பில "இந்தமுறை இந்த யூனிட்தான் வருமாம்" எண்டு ஓடுற கதையளை இந்த மூண்டு கிழமையும் பார்க்கவே வேண்டாம், அதில ஒரு மார்க்ஸும் கிடைக்காது, நித்திரை மட்டும் போகும்.

படிக்கிற முறையில நான் ஒண்டே ஒண்டுதான் மாத்தச் சொல்லுவன். இரவு பதினொண்டில இருந்து ரெண்டு மட்டும் நோட்ஸைத் திரும்பத் திரும்ப வாசிக்கிற வேலையை விட்டிட்டு, விடிய எட்டரைக்கு பாஸ்ட் பேப்பரோட இருங்கோ. எக்ஸாமில விடியப் பேப்பர் வழக்கமா அந்த நேரம்தான் தொடங்கும், உங்கட நேரசூசியையும் ஒருக்காப் பார்த்துக்கொள்ளுங்கோ. வாசிக்கேக்க "ஓம் தெரியும், ஓம் தெரியும்" எண்டு போகும், அந்தத் தெரிஞ்ச உணர்வு ஹோலில உதவாது, புத்தகத்தை மூடிப்போட்டு ஞாபகத்தில இருந்து இழுத்து எடுத்துப் பழகினதுதான் பதட்டத்திலயும் வரும். ஒரு நாள் பிசிக்ஸ் இருவத்தஞ்சு எம்சிகியூ ஒரு மணித்தியாலத்தில, அடுத்தநாள் ஒரு கட்டமைப்புக் கட்டுரையும் ஒரு கட்டுரை வினாவும், இப்பிடி மாத்தி மாத்தி. பிறகு திருத்தி, பிழைச்சதை மட்டும் அண்டு பகலில திரும்பப் படிக்கிறது. இரவு ஒன்பதரைக்குக் கொப்பியை மூடுங்கோ. கடைசிப் பத்து நாளில தொடாத யூனிட் ஒண்டைப் புதுசாத் தொடங்க வேண்டாம், தொடங்கினா பாதியில நிண்டு அது ஒரு புதுப் பயமா வளரும், ஏற்கனவே அரைவாசி தெரிஞ்சதை முழுசாக்கிறது எப்பவும் லாபம்.

இனி ஹோல். பேப்பர் ஒண்டில அம்பது கேள்வி, ரெண்டு மணித்தியாலம், ஒரு கேள்விக்கு ரெண்டரை நிமிசம்கூட இல்லை, அதால ஒரு கேள்வியோட மல்லுக்கட்டுறதுதான் பதட்டத்தைத் தொடக்கி வைக்கிறது. நேரத்தை மூண்டாப் பிரியுங்கோ. முதல் எழுவது நிமிசம் ஒண்டில இருந்து அம்பது மட்டும் ஒரு சுத்து, பார்த்த உடன வழி தெரியிறதை மட்டும் செய்து, ஒரு நிமிசத்தில வழி தெரியாட்டி கேள்வி இலக்கத்தைச் சுத்தி ஒரு வட்டம் போட்டிட்டு அடுத்ததுக்குப் போறது. அதில முப்பத்தஞ்சு போல முடிஞ்சா மிச்சப் பதினைஞ்சுக்கு நாப்பது நிமிசம் இருக்கு, அது ஒரு கேள்விக்கு ரெண்டரை நிமிசத்துக்கும் கூட. கடைசிப் பத்து நிமிசம் விடைத்தாளைச் சரிபார்க்க. பிழை விடைக்கு மார்க்ஸ் வெட்டுறதில்லை, அதால அம்பதுக்கும் புள்ளடி இருக்க வேணும். கேள்வி விட்டு விட்டுப் போகேக்க நடக்கிற பெரிய ஆபத்து என்னெண்டா பன்னெண்டின்ர விடையைப் பதினொண்டுக்கு நேர போடுறது, பிறகு அதுக்குக் கீழ எல்லாம் ஒரு வரி மாறிப் போகும், அதைக் கண்டுபிடிக்கேக்க வாற பயம் சொல்லி மாளாது. புள்ளடி போடேக்க ஒவ்வொருக்காவும் இலக்கத்தை மனசுக்குள்ள சொல்லுங்கோ, ஒவ்வொரு பக்கம் பிரட்டேக்கையும் கடைசி இலக்கம் சரியா நிக்குதா எண்டு பாருங்கோ.

இப்ப உங்கட ஒன்பதாவது கேள்விக்கு வருவம். எறியம் எண்டு வையுங்கோ, வேகமும் கோணமும் தந்திருக்கு, வீச்சுக் கேட்டிருக்கு, வாசிக்கிறியள், ஏறுதில்லை, ரெண்டாந்தரம் வாசிக்கிறியள், நெஞ்சு இடிக்கத் தொடங்குது. இந்த இடத்தில மூண்டாந்தரம் வாசிக்கக் கூடாது. பேனையைக் கீழ வையுங்கோ. ரெண்டு பாதமும் நிலத்தில முட்டட்டும். மூச்சைப் பெரிசாப் பெரிசா இழுக்காதேங்கோ, எல்லாரும் "நல்லா மூச்செடு" எண்டு சொல்லுறவை, ஆனா கெதி கெதியாப் பெரிசா இழுத்தா விரல் விறைக்கும், தலை சுத்தும், பயம் கூடும். வழமையா இழுக்கிற அளவு மூக்கால நாலு எண்ணிக்கை உள்ள, பிறகு ஆறு எண்ணிக்கை மெதுவா வெளிய. மூச்சு வெளிய போகேக்கதான் நெஞ்சு அடிக்கிற வேகம் குறையும், அதால வெளிமூச்சுத்தான் நீளமா இருக்க வேணும். அஞ்சு தரம் செய்தா ஒரு நிமிசம் கூட ஆகாது. நூற்றி இருவதில ஒரு நிமிசம், அதைச் செலவழிக்கப் பயப்பிட வேண்டாம்.

அதுக்குப் பிறகு ஒன்பதுக்குத் திரும்பிப் போகாதேங்கோ, வட்டம் போட்டிட்டுப் பக்கத்தைப் பிரட்டி, கணக்கில்லாத, ரெண்டு மூண்டு வரியில முடியிற கேள்வி ஒண்டைத் தேடிச் செய்யுங்கோ. ஒண்டு சரியா வந்த உடன மண்டை திரும்ப ஓடத் தொடங்கும். பிறகு ஒன்பதுக்கு வரேக்க மனசால செய்யத் தெண்டிக்காமல் கையால தொடங்குங்கோ: பாதையைக் கீறி, வேகத்தைக் கிடையா ஒண்டு, நிலைக்குத்தா ஒண்டு எண்டு பிரிச்சு எழுதி, பேப்பரின்ர மேல g = 10 எண்டு தந்திருக்கிறதையும் பக்கத்தில எழுதினா, மனசில பிடிச்சு வச்சிருந்த பாரம் தாளுக்குப் போயிடும், இடம் கிடைக்கும். நெஞ்சு இன்னும் கொஞ்சம் இடிச்சுக்கொண்டுதான் இருக்கும், இருக்கட்டும், அதோடயே எழுதலாம். அது உச்சத்துக்குப் போய் வழக்கமாப் பத்து நிமிசத்துக்குள்ள தானா இறங்கத் தொடங்கும், "நிக்க வேணும், நிக்க வேணும்" எண்டு அதோட சண்டை பிடிச்சாத்தான் நீளும்.

இதை எக்ஸாம் அண்டைக்கு முதல்தரம் செய்து பார்த்தா வராது. வீட்டில பழகுங்கோ, அதுவும் நெஞ்சு இடிக்கேக்க பழகுங்கோ. எட்டரைக்குப் பேப்பரைத் தொடங்க முதல் ஒரு நிமிசம் நிண்ட இடத்தில கெதியா ஓடுங்கோ, மூச்சு வாங்கேக்க உடன இருந்து முதல் கேள்வியைத் தொடங்குங்கோ (வீசிங், இருதய வருத்தம் இருந்தா இது வேண்டாம்). நெஞ்சு இடிச்சாலும் கணக்கு வரும் எண்டதை உடம்பு அப்பிடித்தான் பழகும். கிழமையில ஒருநாள் உங்கட மேசையில இல்லாமல் சனசமூக நிலையத்திலயோ பள்ளிக்கூட வகுப்பிலயோ இருந்து செய்யுங்கோ, பக்கத்தில ஆக்கள் நடக்கிறதும் கதிரை கிறீச்சிடுறதும் பழகட்டும்.

பேப்பர் ரெண்டுக்கு வாசிக்கத் தாற பத்து நிமிசத்தை நிறையப் பிள்ளையள் வீணாக்கிறவை, அந்த நேரத்தில தெரிவுக் கேள்வியளில எதைச் செய்யிறது எண்டு முடிவெடுத்திடுங்கோ, பிறகு மாத்தக் கூடாது.

முதல்நாள் இரவைப் பற்றியும் சொல்ல வேணும். அண்டைக்கு எட்டரைக்கே படுக்காதேங்கோ, வழமையாப் பத்தரைக்கு நித்திரையாகிற உடம்பு அதுக்கு முதல் ரெண்டு மணித்தியாலம் நல்ல முழிப்பில இருக்கும், படுத்துக் கிடந்து பயப்பிடுறதுதான் மிச்சம். அனுமதி அட்டை, அடையாள அட்டை, ரெண்டு பேனை, மணிக்கூடு, தண்ணிப் போத்தல் எல்லாம் பின்னேரமே எடுத்து வச்சிட்டு வழமைபோல பத்தரைக்குப் படுங்கோ. அண்டைக்கு நித்திரை குறைஞ்சாலும் பயப்பிடாதேங்கோ, அதுக்கு முதல் ஒரு கிழமை ஒழுங்கா நித்திரை கொண்டிருந்தா ஒரு இரவு குறையிறதால பேப்பர் பிழைக்காது. விடிய வயித்துக்குப் பழகின சாப்பாடு, இடியப்பமோ பாணோ, அளவா. ஹோலுக்கு வெளிய கூட்டமா நிண்டு "இது படிச்சனியா, அது படிச்சனியா" எண்டு கேக்கிற இடத்தில நிக்க வேண்டாம். பேப்பர் முடிஞ்சு வந்தும் விடை பார்க்க வேண்டாம், அடுத்த பேப்பர் முடியும் மட்டும் அந்தக் கேள்வித்தாளை அம்மாட்டக் குடுத்து வையுங்கோ, அம்மாவையும் "எப்பிடி பிள்ளை செய்தனி" எண்டு கேக்காமல் "சாப்பிட வா" எண்டு மட்டும் சொல்லச் சொல்லி இந்தப் பதிலைக் காட்டுங்கோ.

பத்து நாள் இதெல்லாம் செய்தும் இரவில நாலு மணித்தியாலம் கூட நித்திரை இல்லையெண்டா, சாப்பாடு இறங்காட்டி, படிக்காத நேரத்திலயும் திடீரெண்டு நெஞ்சு இடிச்சு மூச்சு முட்டினா, எக்ஸாம் முடியட்டும் எண்டு காத்திருக்க வேண்டாம். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலயும் தெல்லிப்பழை ஆஸ்பத்திரியிலயும் உளநலப் பிரிவு இருக்கு, அம்மாவோட வாங்கோ. செத்துப் போகலாம் எண்டு ஒருக்கா யோசனை வந்தாலும் அண்டைக்கே வீட்டில ஒராளுக்குச் சொல்லிப்போட்டு வாங்கோ, இரவெண்டா 1926க்கு எடுங்கோ, அது தேசிய உளநல உதவி இலக்கம், எந்த நேரமும் எடுக்கலாம். அப்பிடி ஒண்டும் இல்லையெண்டா நாளைக்கு ஏழு மணிக்கு அலாம் வச்சிட்டுப் படுங்கோ, ஒரு கிழமை கழிச்சு நித்திரை எப்பிடி இருக்கு எண்டு எனக்கு எழுதுங்கோ.